முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டால்: பதில் எழுதும் முறை, படிப்படியாக

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி வட்டாரத்து மீன் பதப்படுத்தும் ஆலைகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ விண்ணப்பிப்பவர்களுக்கு, நேர்காணலுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் வருவதுண்டு. அதில் தகுதியைப் பற்றியோ எதிர்பார்க்கும் சம்பளத்தைப் பற்றியோ பெரிதாக ஒன்றும் இருக்காது. முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற ஒரே கேள்விதான் இருக்கும். நேரில் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடக்கூடிய இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றதும், பலர் ஒன்று ஒரு பக்கத்துக்கு மனக்குறையை எழுதிவிடுகிறார்கள், அல்லது ‘சொந்தக் காரணங்கள்’ என்று இரண்டு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். இரண்டுமே வாய்ப்பைக் கெடுக்கின்றன. இந்த வழிகாட்டி அந்த ஒரே பதிலைப் பற்றியது. ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை எழுதிப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டில் வருபவர் பாம்பனைச் சேர்ந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். விசைப்படகுகள் கொண்டுவரும் கணவாயையும் மீனையும் உறையவைத்து ஏற்றுமதி செய்யும் ஓர் ஆலையில், 2023 ஜூலை முதல் 2025 ஏப்ரல் 30 வரை தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்தவர். செப்டம்பரில், தூத்துக்குடியில் உள்ள ஓர் இறால் பதப்படுத்தும் ஆலைக்கு விண்ணப்பித்தார். மூன்றாம் நாள் அந்த ஆலையின் மேலாளரிடமிருந்து இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது:

“வணக்கம். தங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தேன். அனுபவம் எங்கள் தேவைக்குப் பொருந்துகிறது. ஆனால் 22 மாதங்களிலேயே முந்தைய பணியிலிருந்து விலகியிருக்கிறீர்கள். அதுவும் தடைக்காலத்தின் நடுவில். அதன் பிறகு வேறெங்கும் சேரவும் இல்லை. விலகியதற்கான காரணத்தை எழுதி அனுப்புங்கள். நேர்காணலுக்கு நாள் குறிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.”

முதல் படி: கேள்விக்குள் இருக்கும் கேள்வியைப் படித்தல்

பதில் எழுத உட்காருவதற்கு முன், வந்த மின்னஞ்சலை நிதானமாகப் படித்து, மேலாளர் எந்தச் சொற்களைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஏன் விலகினீர்கள் என்று கேட்கும் எவருக்கும் பொதுவாக மூன்று ஐயங்களில் ஒன்று இருக்கும். இவரை அங்கே வெளியே அனுப்பிவிட்டார்களா என்பது ஒன்று. இவர் உடன் வேலை செய்பவர்களோடு சச்சரவு செய்பவரா என்பது இரண்டாவது. இங்கே சேர்ந்த பிறகும் இதே போல் பாதியில் போய்விடுவாரா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பதில் பொருந்தாது. எந்த ஐயம் என்று தெரியாமல் எழுதும் பதில் மூன்றையும் தொட்டுக்கொண்டு நீண்டுவிடும்; நீண்ட பதில், இல்லாத ஐயத்தையும் கிளப்பிவிடும்.

மேலே உள்ள மின்னஞ்சலில் ‘22 மாதங்களிலேயே’, ‘தடைக்காலத்தின் நடுவில்’ என்ற இரண்டு சொற்றொடர்களும் மேலாளரின் மனத்தைக் காட்டிவிடுகின்றன. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம்; அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும், விசைப்படகு வரத்தையே நம்பியிருக்கும் ஆலைகளில் அந்த இரண்டு மாதமும் வேலை சுருங்கிவிடும். சிலர் அப்போது விலகுவதும், சிலர் விலக்கப்படுவதும் கடலோரத்தில் ஆள் எடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே இந்த மேலாளர் சச்சரவைப் பற்றிக் கேட்கவில்லை. வேலை குறைந்த மாதத்தில் போய்விடுகிறவரா, அல்லது வேலை குறைந்தபோது நிறுவனமே வேண்டாம் என்று விட்டவரா என்பதே அவருடைய கேள்வி. கூடவே, மே முதல் ஆகஸ்ட் வரை என்ன செய்தீர்கள் என்ற தனிக் கேள்வியும் அதில் இருக்கிறது. விலகியதற்கான காரணம் வேறு, வேலையில்லாமல் இருந்த இடைவெளிக்கான காரணம் வேறு. இரண்டையும் கலந்துவிடக் கூடாது. ஏன் என்பதை நான்காம் படியில் பார்ப்போம்.

இரண்டாம் படி: எப்போது பதில் அனுப்புவது

மின்னஞ்சல் வந்த அரைமணி நேரத்தில் கைபேசியிலேயே தட்டி அனுப்பிய பதில்களில்தான் பிறகு வருந்தக்கூடிய வாக்கியங்கள் அதிகம் இருக்கும். அதற்காக நான்கு நாள் காத்திருக்கவும் கூடாது; காரணத்தை உருவாக்க நேரம் எடுத்துக்கொண்டது போல் தோன்றும். அடுத்த வேலை நாளின் முற்பகலுக்குள் பதில் போய்ச் சேர்வது சரியான அளவு. ஏதாவது ஓர் ஆவணம் கைக்கு வர ஒரு நாள் கூடுதலாகும் என்றால், “தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, நாளை மாலைக்குள் விவரமாக எழுதுகிறேன்” என்று ஒரு வரி அனுப்பிவிட்டால் போதும்.

மூன்றாம் படி: தேதிகளைச் சரிபார்த்தல்

காரணத்தை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்கு முன் தேதிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இதுதான். விண்ணப்பங்கள் நின்றுபோவதும் அடிக்கடி இதனால்தான். விலகல் கடிதத்தின் நகல், நிறுவனம் கொடுத்த பணிவிடுவிப்புக் கடிதம், நீங்கள் அனுப்பிய பயோடேட்டா, வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பதிவு ஆகிய நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வைப்பு நிதிப் பதிவை ஏன் பார்க்க வேண்டும் என்றால், இப்போது பல நிறுவனங்கள் புதிதாகச் சேர்பவரின் யு.ஏ.என். எண்ணைக் கொண்டு முந்தைய பணிக்காலத்தைச் சரிபார்க்கின்றன. வைப்பு நிதி உறுப்பினர் தளத்தில் நுழைந்து `View` பகுதியில் `Service History` என்பதைத் திறந்தால், ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் தெரியும். விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்யாமலே விட்டிருக்கலாம். அப்படியானால் நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பது போல் பதிவு காட்டும். நிறுவனம் கடைசியாகப் பணம் செலுத்தி இரண்டு மாதம் கழிந்த பிறகு, ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. மூலம் உறுப்பினரே விலகிய தேதியைப் பதிவு செய்துகொள்ள வழி உண்டு. ஒரு முறை பதிந்த தேதியை மாற்றுவது கடினம் என்பதால், பணிவிடுவிப்புக் கடிதத்தில் உள்ள தேதியையே அங்கும் கொடுக்க வேண்டும்.

நான்கு தாளிலும் தேதி ஒன்றாக இருந்தால் கவலை இல்லை. ஒன்று மட்டும் வேறாக இருந்தால், எடுத்துக்காட்டாக பயோடேட்டாவில் ‘மே 2025 வரை’ என்று கைதவறி எழுதியிருந்தால், அதை நீங்களே பதிலில் ஒரு வாக்கியத்தில் திருத்திவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு சொல்லும் அதே விளக்கம் சாக்காகத்தான் கேட்கும்.

தேதியோடு சேர்த்து, விலகல் கடிதத்தில் நீங்கள் என்ன காரணம் எழுதியிருந்தீர்கள் என்பதையும் பாருங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலோர் ‘சொந்தக் காரணங்களால்’ என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். கணக்கு முடித்துப் பணம் வாங்குவதில் சிக்கல் வந்துவிடக் கூடாதே என்ற எண்ணம்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் புதிய மேலாளருக்கு வேறொரு காரணத்தை எழுதும்போது, பழைய கடிதம் நாளைக்கு அவர் கைக்குப் போனால் முரணாகத் தோன்றும். அதற்கும் ஒரு வாக்கியம் தேவைப்படும். மாதிரிப் பதிலில் அது எப்படி வருகிறது என்று பார்க்கலாம்.

நான்காம் படி: ஒரே ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தல்

வேலையை விடுபவருக்கு ஒரு காரணம் மட்டும் இருப்பது அரிது. நமது எடுத்துக்காட்டில் உள்ள பெண் ஒரு தாளை எடுத்து மனத்தில் உள்ளதை எல்லாம் எழுதினார் என்றால் அதில் நான்கு இருக்கும். தடைக்காலத்தில் ஷிப்டைக் குறைத்துப் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள். இரவு ஷிப்டு முடிந்து மண்டபத்திலிருந்து பாலம் தாண்டி வீடு சேர வண்டி வசதி இல்லை. பதிவேட்டில் வெப்பநிலையை எழுதுவது பற்றித் தயாரிப்பு மேலாளரோடு கருத்து வேறுபாடு வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

இந்த நான்கில் எதை எழுதுவது என்பதை முடிவு செய்ய முதலில் ஒரு கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த ஒரு குறை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேனா? ஆம் என்றால் அதுதான் உண்மையான காரணம். மற்றவை அதனுடன் சேர்ந்த சுமைகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்வது பொய்யாகாமல் இருப்பது இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் வரைதான். இவருடைய விஷயத்தில், வண்டி வசதி இல்லாததை இரண்டு ஆண்டு சமாளித்தார். மேலாளரோடு வந்த கருத்து வேறுபாடு வேலையை விடும் அளவுக்குப் போகவில்லை. முழுச் சம்பளம் வந்திருந்தால் இருந்திருப்பார். ஆகவே காரணம் சம்பளம்தான்.

அம்மாவின் உடல்நிலையை எழுதிவிடலாமே, யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்களே என்று பலர் சொல்வார்கள். இங்கேதான் தேதிகள் உதவிக்கு வருகின்றன. விலகல் கடிதம் ஏப்ரல் 1இல் கொடுக்கப்பட்டது. அம்மாவுக்கு மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது ஜூன் மாதத்தில். சிகிச்சை வேலை இல்லாத இடைவெளிக்கு உண்மையான விளக்கம். விலகியதற்கு அதைக் காரணமாகச் சொன்னால் அது பொய். நேர்காணலில் அக்கறையோடு “அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள், எப்போது சிகிச்சை நடந்தது?” என்று கேட்டாலே அந்தப் பொய் வெளியே வந்துவிடும். பொய்யாகச் சொன்ன காரணத்தால் போன வேலைகள், உண்மையான காரணத்தால் போன வேலைகளைவிட அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

தேர்ந்தெடுத்த காரணத்தை அடுத்து இரண்டு வழிகளில் சோதிக்க வேண்டும். பழைய நிறுவனத்தின் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், அவர் இதை மறுப்பாரா? தடைக்காலத்தில் பாதிச் சம்பளம் கொடுத்ததை அவர் மறுக்க மாட்டார். அது எல்லோருக்கும் அறிவிக்கப்பட்ட ஏற்பாடு. அடுத்தது, இதே குறை புதிய இடத்திலும் இருக்கிறதா? தூத்துக்குடி ஆலை பண்ணைகளில் வளர்க்கும் இறாலை வாங்குவது. விசைப்படகுத் தடை அதன் வரத்தை நிறுத்துவதில்லை. இது பதிலுக்குப் பெரும் பலம். அதே சமயம், வளர்ப்பு இறாலிலும் அறுவடை குறையும் மாதங்கள் உண்டு என்பதை அந்த மேலாளர் நன்றாக அறிவார். அதை மறைத்து எழுதினால், தொழில் தெரியாதவர் என்ற எண்ணம் வரும். சொல்லிவிடுவதே நல்லது.

வெப்பநிலைப் பதிவேட்டு விவகாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. அளந்த வெப்பநிலை ஒன்றாக இருக்க, வேறொன்றை எழுதச் சொன்னார்கள் என்பது சிறிய குற்றச்சாட்டு அல்ல. அதைக் கேட்பவர் சரிபார்க்க முடியாது. உங்களிடமும் காட்டுவதற்கு ஆதாரம் இருக்காது. ஆலையின் பதிவேட்டுப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தாலும், அதை வேறொரு நிறுவனத்துக்கு அனுப்புவது நீங்கள் செய்யக்கூடாத செயல். நாளை எங்கள் பதிவேடும் இப்படித்தான் வெளியே போகும் என்று அவர்கள் நினைப்பார்கள். ஆகவே, விலகியதற்குக் காரணம் அது அல்ல என்றால் மின்னஞ்சலில் தொட வேண்டாம். உண்மையிலேயே அதற்காகத்தான் விலகினீர்கள் என்றால் மறைக்கவும் வேண்டாம், பிறர் செய்ததைச் சொல்லாமல் உங்கள் நிலைப்பாட்டை மட்டும் சொல்லுங்கள்: “அளந்த அளவை மட்டுமே பதிவேட்டில் எழுதுவேன் என்ற என் நிலைப்பாட்டுக்கும் அங்கிருந்த நடைமுறைக்கும் ஒத்துப்போகவில்லை, அதனால் விலகினேன்.” இதில் பொய் இல்லை, யாருடைய பெயரும் இல்லை. நல்ல ஆலை நடத்துபவருக்கு இந்த ஒரு வாக்கியமே போதும்.

ஐந்தாம் படி: எழுதுதல்

முதலில், மனம் போன போக்கில் எழுதினால் பதில் எப்படி வரும் என்று பார்ப்போம்.

“மரியாதைக்குரிய ஐயா, அந்த நிறுவனத்தில் நிர்வாகம் சரியில்லை. தடைக்காலம் வந்தாலே பாதிச் சம்பளம்தான். தயாரிப்பு மேலாளர் யார் சொல்வதையும் கேட்க மாட்டார். இரவு ஷிப்டு முடிந்தால் வீட்டுக்கு வர வண்டி கிடையாது. அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை. வேறு வழியில்லாமல்தான் விலகினேன். எனக்கு இந்த வேலை மிகவும் அவசியம். தயவுசெய்து பரிசீலிக்கவும்.”

ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் படிப்பவர் மனத்தில் நிற்பது, இவர் குறைகளை அடுக்குகிறார் என்பதுதான். ‘நிர்வாகம் சரியில்லை’ என்று தொடங்கியதால், அதன் பின் வரும் பாதிச் சம்பளம் என்ற உறுதியான தகவலும் குறைகளில் ஒன்றாகக் கரைந்துபோகிறது. ‘யார் சொல்வதையும் கேட்க மாட்டார்’ என்ற வாக்கியம், மேலாளருக்கு இல்லாமல் இருந்த சச்சரவு பற்றிய ஐயத்தைப் புதிதாக உண்டாக்குகிறது. அவர் கேட்ட கேள்விக்கு, அதாவது வேலை குறையும் மாதத்தில் போய்விடுவீர்களா என்பதற்கு, இதில் பதிலே இல்லை. ‘மிகவும் அவசியம்’ என்ற கடைசி வரி, எந்த வேலை கிடைத்தாலும் போவார் என்று பொருள்படும். மேலாளர் அஞ்சுவதும் அதைத்தான்.

கடலோரத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மண்டபம் முதல் தூத்துக்குடி வரை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரே முகவர்களிடம் சரக்கு வாங்குகிறார்கள், ஒரே வண்டிகளில் அனுப்புகிறார்கள். நீங்கள் எழுதியது பழைய மேலாளரின் காதுக்குப் போகாது என்று நம்பி எதையும் எழுத வேண்டாம். அவரே இதைப் படித்தாலும் ‘ஆமாம், இப்படித்தான் நடந்தது’ என்று ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறதா என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்க்க வேண்டும்.

இனி, சீரமைத்த பதில்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தடைக்கால மாதங்களில் பாதிச் சம்பளமே கிடைத்ததால் முந்தைய பணியிலிருந்து விலகினேன். அந்த ஆலை விசைப்படகு வரத்தை மட்டுமே நம்பியிருந்ததால், 2024ஆம் ஆண்டுத் தடைக்காலத்தில் ஷிப்டுகள் குறைக்கப்பட்டுப் பாதிச் சம்பளம் வழங்கப்பட்டது. 2025இலும் அதே ஏற்பாடு தொடரும் என்று மார்ச் மாதம் அறிவித்தார்கள். குடும்பத்தில் என் வருமானமே முதன்மையானது என்பதால் மீண்டும் ஒரு முறை அதைச் சமாளிக்க இயலாது என்று முடிவு செய்தேன். ஏப்ரல் 1 அன்று விலகல் கடிதம் கொடுத்து, 30 நாள் நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்து, பதிவேடுகளை அடுத்த மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்து, ஏப்ரல் 30 அன்று விடுவிக்கப்பட்டேன். விலகல் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று மட்டும் குறிப்பிட்டிருந்தேன். அதன் விவரம் இதுவே.

ஜூன் மாதம் என் தாயாருக்கு மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் தேறும் வரை உடனிருந்ததால் அந்த மாதங்களில் வேறு பணியில் சேரவில்லை. இப்போது முழுநேரப் பணியில் சேர எந்தத் தடையும் இல்லை.

தங்கள் ஆலை வளர்ப்பு இறாலைக் கொண்டு இயங்குவதால் விண்ணப்பித்தேன். அங்கும் வரத்துக் குறையும் மாதங்கள் இருக்கும் என்பதை அறிவேன். அத்தகைய மாதங்களுக்கான ஷிப்டு, சம்பள ஏற்பாட்டை நேர்காணலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை ஏற்றுக்கொண்டே சேர விரும்புகிறேன். பணிவிடுவிப்புக் கடிதத்தைத் தாங்கள் கேட்கும்போது அனுப்புகிறேன்.

இப்படிக்கு,”

இதில் கவனிக்க வேண்டியது முதல் வாக்கியம். கேள்விக்கான விடை அதிலேயே முடிந்துவிடுகிறது. நன்றி, மகிழ்ச்சி, நலம் விசாரிப்பு என்று மூன்று வரி கடந்து விடைக்கு வந்தால், எழுதியவர் எதையோ தள்ளிப்போடுகிறார் என்று படிப்பவர் நினைப்பார். அடுத்து, ‘பாதிச் சம்பளம்’ என்று சொல்லும் இடத்தில் ‘அநியாயமாக’, ‘கொஞ்சமும் யோசிக்காமல்’ போன்ற அடைமொழி ஒன்றும் இல்லை. நடந்ததும் அதன் காரணமும் மட்டுமே உள்ளன; ஆலை வரத்தை நம்பியிருந்தது என்று சொல்வதால் பழைய நிறுவனத்துக்கும் நியாயம் செய்தாகிவிட்டது.

நோட்டீஸ் காலத்தைப் பற்றிய வாக்கியம்தான் இந்தப் பதிலின் முதுகெலும்பு. பாதியில் போய்விடுவாரா என்று அஞ்சும் மேலாளருக்கு, ‘நான் அப்படிப்பட்டவள் அல்ல’ என்ற உறுதிமொழியால் பயன் இல்லை. சம்பளம் பாதியாக வந்துகொண்டிருந்த ஏப்ரல் பிற்பாதியிலும் கடைசி நாள் வரை இருந்து, பதிவேட்டை ஒப்படைத்துவிட்டுப் போனார் என்ற செய்திக்குப் பயன் உண்டு. நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் வந்தவர்கள் இந்த வாக்கியத்தை எழுதக் கூடாது. அதற்குப் பதிலாக, எத்தனை நாள் குறைந்தது, அதற்கான தொகையைக் கட்டினீர்களா என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சம்பள ஏற்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன் என்ற வரியை எழுதலாமா என்று சிலர் தயங்குவார்கள். எழுதத்தான் வேண்டும் என்பேன். சம்பளம் காரணமாக விலகியவர் புதிய இடத்தில் அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் சேர்ந்தால், ஆறு மாதத்தில் இதே மின்னஞ்சலை இன்னொருவருக்கு எழுத வேண்டி வரும். மேலாளரும் அதை அறிவார்.

உங்கள் பதில் ஏறக்குறைய இந்த மாதிரிப் பதிலின் அளவுக்குள் இருந்தால் போதும். கைபேசித் திரையில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். கேள்வி எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே பதில் போக வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் இதே வரிசையில், தெரிந்த எளிய வாக்கியங்களில் எழுதினால் போதும். கடினமான சொற்களைத் தேடிப் போட்டால் நேர்காணலில் பேசும் ஆங்கிலத்துக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள தொலைவு வெளிப்பட்டுவிடும்.

காரணம் வேறாக இருந்தால்

நிறுவனமே உங்களை வேலையிலிருந்து எடுத்துவிட்டது என்றால், ‘விலகினேன்’ என்று எழுதாதீர்கள். “சரக்கு வரத்துக் குறைந்ததால் எங்கள் ஷிப்டை மூடினார்கள், என் பணியும் அத்துடன் முடிந்தது” என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை, கடலோரத்தில் எல்லோருக்கும் புரியும். உங்கள் தவறு காரணமாக எடுத்திருந்தால் கடினம்தான். என்ன தவறு என்பதை ஒரு வாக்கியத்திலும், அதன் பிறகு எதை மாற்றிக்கொண்டீர்கள் என்பதை இன்னொரு வாக்கியத்திலும் எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் கண்ணால் காணக்கூடிய ஏதாவது இருக்க வேண்டும்: முடித்த பயிற்சி, அதன் பிறகு வேறோர் இடத்தில் குறையின்றி வேலை பார்த்த மாதங்கள், சான்று சொல்லக்கூடிய ஒருவர். இவ்வளவுக்குப் பிறகும் சில இடங்களில் கதவு திறக்காது. எந்த வாக்கியத்தாலும் அதை மாற்ற முடியாது.

சம்பள பாக்கிக்காகத் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்து, அது நடந்துகொண்டிருக்கிறது என்றால், சம்பளம் வராததால் விலகியதை மட்டும் சொல்லுங்கள். புகாரின் விவரம் வேண்டாம். நேரடியாகக் கேட்டால் மறுக்காதீர்கள். உங்கள் சொந்த உடல்நலம் காரணம் என்றால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சை முடிந்தது, இந்த வேலையின் ஷிப்டுகளைப் பார்க்க முடியும் என்பதே போதும். குளிர் அறையில் நெடுநேரம் நிற்க முடியாது என்பது போன்ற ஏதாவது இருந்தால் மட்டும், சேருவதற்கு முன் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

ஆறாம் படி: அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

புதிய மின்னஞ்சலாகத் தொடங்காமல், வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். தலைப்பு வரியை மாற்ற வேண்டாம். மேலாளர் எச்.ஆர். பிரிவில் உள்ளவரையும் நகலில் சேர்த்திருந்தால் அவரை நீக்காமல் `Reply all` கொடுங்கள். பதிலை வேறோர் இடத்தில் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் அங்கே ஒட்டுவது நல்ல பழக்கம். பாதி எழுதியது தவறிப் போய்விடாது. கேட்காத ஆவணங்களை இணைக்க வேண்டாம். வங்கிக் கணக்கு அறிக்கையையோ வைப்பு நிதிப் பாஸ்புக்கையோ நீங்களாக அனுப்பினால், நம்ப மாட்டார்கள் என்று நீங்களே எதிர்பார்ப்பது போல் ஆகிவிடும். அதில் தேவையில்லாத சொந்த விவரங்களும் வெளியே போகும்.

அனுப்பிய பதிலின் நகலை வைத்துக்கொண்டு, நேர்காணலுக்கு முந்தைய நாள் ஒரு முறை படியுங்கள். அங்கே இதே கேள்வி வேறு வடிவில் வரும். “சம்பளம் மட்டும்தான் காரணமா? நிர்வாகத்தோடு ஒத்துப்போகாதது எதுவும் இல்லையா?” என்று கேட்டால், நமது எடுத்துக்காட்டில் உள்ளவர் இல்லை என்று சொல்லக் கூடாது. “பதிவேடு எழுதுவது பற்றிக் கருத்து வேறுபாடு வந்தது உண்டு, நான் அளந்ததையே எழுதினேன். அதற்காக விலகவில்லை” என்று மின்னஞ்சலில் சொன்ன காரணத்துக்கே திரும்பி வர வேண்டும். எழுத்தில் ஒன்று, நேரில் வேறொன்று என்று ஆனால் இரண்டையுமே நம்ப மாட்டார்கள்.

பதில் அனுப்பி ஐந்து வேலை நாட்கள் ஆகியும் ஒன்றும் வரவில்லை என்றால், அதே மின்னஞ்சல் தொடரில், “நான் அனுப்பிய விவரங்கள் கிடைத்தனவா என்று அறிய விரும்புகிறேன், வேறு ஏதும் தேவைப்பட்டால் அனுப்புகிறேன்” என்று ஒரு முறை மட்டும் கேளுங்கள். அந்த வரியோடு விலகிய காரணத்தை இன்னொரு முறை விளக்கி எழுத வேண்டாம்.